வெளிநாடு கிளம்பற ஆபீஸ் கிளார்க் ரிசிக்னேஷன் லெட்டர் எழுதறது எப்படி (லீவ் லெட்டர் மாதிரி எழுதி 6,600 ரூபாய் விட்டவ சொல்றேன்)

கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில அக்கவுண்ட்ஸ் கிளார்க்கா இருந்தேங்க. வீட்டுக்காரர் கனடாவுல, 2024ல நானும் கிளம்பற மாதிரி ஆச்சு, அங்க போய் முழிக்கக் கூடாதுன்னு சாயங்காலம் பிசினஸ் இங்கிலீஷ் கிளாஸ்ல சேர்ந்தேன். ஜூன் முதல் வாரம் மிஸ் ஒரு ஹோம்வொர்க் குடுத்தாங்க, வெளிநாடு போற ஒரு ஆபீஸ் கிளார்க் எழுதற ரிசிக்னேஷன் லெட்டர். எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா ரெண்டு நாள் முன்னாடிதான் நிஜமாவே ஆபீஸ்ல லெட்டர் குடுத்திருந்தேன், அதையே அப்படியே காப்பி பண்ணிக் குடுத்துட்டேன். பத்துக்கு மூணு மார்க். ஹோம்வொர்க்ல போனது ஏழு மார்க், ஆபீஸ்ல போனது 6,600 ரூபாய், ரெண்டுக்கும் காரணம் ஒரே தப்பு. கிளாஸுக்கு எழுதறவங்களுக்கும் நிஜமா குடுக்கப் போறவங்களுக்கும் சேர்த்தே எழுதறேன்.

1. பேனா எடுக்கறதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்க

சேரும்போது கையெழுத்து போட்டு வாங்கி பீரோவுல துணிக்கு அடியில வெச்சிருப்பீங்கல்ல, அந்த பேப்பர்தான். அதுல மூணே விஷயம் பாருங்க. நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, அது "30 நாள்"னு இருக்கா "ஒரு மாசம்"னு இருக்கா, நோட்டீஸ் குறைஞ்சா எந்த சம்பளத்துல பிடிப்பாங்க. இந்த மூணாவதை யாருமே பார்க்கறதில்ல. பேசிக்ல பிடிச்சா ஒரு தொகை, கிராஸ்ல பிடிச்சா அதுக்கு டபுள்கூட வரும். எனக்கு கிராஸ் 18,000, பேசிக் 9,000. எங்க ஆர்டர்ல கிராஸ்னு போட்டிருந்தது, நான் பேசிக்னு நெனச்சு தைரியமா இருந்தேன்.

இன்னொண்ணு, விசா பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் ஆகி கைக்கு வர்ற வரைக்கும் லெட்டர் குடுக்காதீங்க. "அப்ரூவ் ஆயிரும்"னு ஏஜென்ட் சொல்றத நம்பி வேலையை விட்டுட்டு, விசா ரிஜெக்ட் ஆகி பழைய ஆபீஸ் வாசல்ல போய் நின்னவங்களை எனக்கே தெரியும். விசா வந்தாச்சு, ஆனா டிக்கெட் இன்னும் போடல, அந்த நேரம்தான் சரியான நேரம். நான் டிக்கெட்டை முதல்ல போட்டுட்டேன், ஜூலை 9. அதுவும் ஒரு தப்புதான்.

2. கடைசி நாளை நீங்களே எண்ணுங்க, அவங்க எண்ணட்டும்னு விடாதீங்க

லெட்டர் குடுத்தது 2024 ஜூன் 3, திங்கக்கிழமை. குடுத்த நாளையும் சேர்த்து எண்ணினா 30வது நாள் ஜூலை 2. அடுத்த நாள்ல இருந்து எண்ணினா ஜூலை 3. ஒரு நாள் தானேன்னு விடாதீங்க, எப்பவும் பின்னாடி வர்ற தேதியையே போடுங்க, அப்பதான் யாரும் குறைன்னு சொல்ல முடியாது. ஞாயிறு, பண்டிகை லீவ் எல்லாம் பொதுவா இந்த 30க்குள்ளயேதான் வரும், ஆர்டர்ல வொர்க்கிங் டேஸ்னு தனியா எழுதியிருந்தா மட்டும் கணக்கு நீளும். நோட்டீஸ்ல இருக்கும்போது லீவ் எடுத்தா சில கம்பெனில அத்தனை நாள் கூடுதலா வேலை செய்யச் சொல்வாங்க, அதையும் கேட்டு வெச்சுக்கங்க.

அஞ்சு வருஷம் முடிய கொஞ்ச நாள்தான் பாக்கின்னா தேதியைத் தள்ளிப் போடப் பாருங்க, கிராஜுவிட்டி அதுல நிக்குது. எனக்கு மூணரை வருஷம்கூட ஆகல, அதனால அந்தப் பேச்சே வரல.

3. ஸ்கூல்ல படிச்ச லீவ் லெட்டரை மறந்துருங்க

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா படிங்க. நம்ம எல்லாருக்கும் இங்கிலீஷ்ல லெட்டர்னாலே ஆறாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ண காய்ச்சல் லீவ் லெட்டர்தான், ரெண்டு நாள் லீவ் குடுங்கன்னு கெஞ்சற அந்த லெட்டர். காய்ச்சல் இருக்கற எடத்துல வெளிநாட்டைப் போட்டு, லீவ் இருக்கற எடத்துல வேலையை விடறதைப் போட்டுருவோம். நான் குடுத்தது இதுதான், ஒரு எழுத்து மாத்தல:

```
Respected Sir,
As I am going to foreign, I kindly request you to
relieve me from my job as early as possible and
do the needful.
Thanking you
```

மிஸ் சிவப்பு பேனாவால "ரிக்வெஸ்ட்"டைச் சுத்தி வட்டம் போட்டு, "இது கேள்வியா, தகவலா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப புரியல. லீவ் கேக்கறது வேற, அதை அவங்க குடுக்கலாம் குடுக்காமலும் போகலாம். ரிசிக்னேஷன் அப்படி இல்ல, நான் இந்தத் தேதியோட போறேன்னு நோட்டீஸ் குடுக்கறது. மரியாதையா சொல்லலாம், ஆனா சொல்லணும், கேக்கக் கூடாது. நீங்க ரிக்வெஸ்ட்னு எழுதினா அவங்க அதை ரிக்வெஸ்டாவே வெச்சுக்குவாங்க.

அதேதான் நடந்துச்சு. ஜூன் 7 வெள்ளிக்கிழமை கிளாஸ்ல திட்டு வாங்கினேன், ஆனா ஆபீஸ்ல குடுத்ததை மாத்திக் குடுக்க வெக்கப்பட்டுட்டு சும்மா இருந்துட்டேன். ஜூன் 17 எச்ஆர் மேடம் கூப்பிட்டு, "ஏம்மா, உன் ரிக்வெஸ்டை சார் இன்னைக்குத்தான் ஓகே பண்ணாரு, நீ தேதியே போடல, இன்னையில இருந்து 30 நாள், ஜூலை 17 ரிலீவ் பண்றோம்"னாங்க. எனக்கு ஜூலை 9 ஃபிளைட். மூட்டை கட்டவாச்சும் ரெண்டு நாள் வேணும்னு ஜூலை 6 சனிக்கிழமையோட நின்னேன். 7ல இருந்து 17 வரைக்கும் 11 நாள் குறை. ஒரு நாளுக்கு 600, ஆக 6,600 பிடிச்சுட்டாங்க. பாக்கி இருந்த லீவ்ல கழிச்சுக்கங்கன்னு கேட்டேன், பாலிசில இல்லன்னுட்டாங்க. லெட்டர்ல "ஜூலை 3 கடைசி நாள்"னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தா நோட்டீஸ் முழுசா முடிஞ்சு ஒரு பைசா போயிருக்காது.

அவங்க மேல முழுசா தப்பு சொல்ல மாட்டேன், நான் எழுதினதைத்தான் அவங்க படிச்சாங்க.

4. சரியான லெட்டர், வரி வரியா

கிளாஸ்ல மிஸ் உக்கார வெச்சு திருத்தினதை அப்படியே போடறேன். பத்துக்கு ஒன்பது வாங்கினது.

```
3 June 2024

Subject: Resignation - Accounts Clerk

Dear Mr. ______,

Please accept this letter as notice of my resignation
from my position as Accounts Clerk. As my notice period
is 30 days, my last working day will be Wednesday,
3 July 2024.

I am moving to Canada to join my husband.

I will complete the May bank reconciliation and hand
over the vendor files before I leave. I would be
grateful if you could confirm my last working day
in writing.

Thank you for your support over the past three years.

Yours sincerely,
```

முதல் பாராவுலயே மூணும் வந்துருச்சு பாருங்க, வேலையை விடறேன், எந்த வேலை, என்னைக்கு கடைசி. மேனேஜர் அந்த ஒரு பாரா மட்டும் படிச்சுட்டு வெச்சுட்டாலும் போதும். தேதியோட கிழமையையும் சேர்த்துப் போடறது நல்லது, தேதில கை தவறியிருந்தா கிழமை காட்டிக் குடுத்துரும். மாசத்தை எழுத்துல எழுதுங்க, 03/06னு போட்டா நமக்கு ஜூன் 3, அமெரிக்கா பழக்கத்துல படிக்கறவங்களுக்கு மார்ச் 6.

காரணம் ஒரு வரி போதும். இதைத் திருத்தி எழுதும்போது நான் முதல்ல போட்ட டிராஃப்ட்ல கல்யாணம் எப்ப ஆச்சு, அவர் என்ன வேலை, மாமியார் உடம்பு, எல்லாமே இருந்துச்சு, மிஸ் மொத்தமா கோடு போட்டு அடிச்சாங்க. ஆனா அந்த ஒரு வரி விசா பேப்பர்ல நீங்க சொன்னதோட ஒத்துப் போகணும். டிபென்டன்ட்டா போறவங்க பந்தாவுக்கு "கனடாவுல வேலை கெடச்சிருக்கு"ன்னு எழுதிடாதீங்க, நாளைக்கு ஃபைல்ல ரெண்டு பேப்பர் ரெண்டு கதை சொல்லும்.

ஹேண்ட் ஓவர் வரில "எல்லா வேலையும் முடிச்சுத் தர்றேன்"னு பொதுவா எழுதாதீங்க. மே மாச பேங்க் ரீகன்சிலியேஷன், வெண்டர் ஃபைல்னு பேர் சொல்லி எழுதினா அதுதான் உங்க பொறுப்பு, அதோட முடிஞ்சுது. பொதுவா எழுதினா கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆடிட் ஃபைல் ஒண்ணைத் தூக்கிட்டு வருவாங்க.

"எழுத்துல உறுதிப்படுத்துங்க"ங்கற வரிதான் எனக்குப் புடிச்ச வரி. இதுலதான் ரிக்வெஸ்ட் இருக்கு, ஆனா கேக்கறது பர்மிஷன் இல்ல, பதில் லெட்டர்.

5. ஸ்பெல் செக்ல மாட்டாத தப்புங்க

ரிலீவ்ங்கற வார்த்தைல நடுவுல ஐ-க்கு அப்புறம் ஒரு ஈ இருக்கணும். அது விட்டுப் போனா வேற வார்த்தை ஆயிரும், "என்னை மறுபடி வாழ்ந்து பாருங்க"ங்கற மாதிரி அர்த்தம் வரும், கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவே போடாது, ஏன்னா அதுவும் சரியான வார்த்தைதான். எங்க கிளாஸ்ல பதினாலு பேர்ல அஞ்சு பேர் இதுல மாட்டினாங்க. அதே மாதிரி ரிசைன்ங்கறதுல நடுவுல ஹைஃபன் போட்டா மறுபடி கையெழுத்து போடறதுன்னு ஆயிரும், வேலையை விடறேன்னு சொல்ல வந்து கான்ட்ராக்டைப் புதுப்பிக்கறேன்னு சொன்ன கதைதான்.

ஃபாரின்ங்கறது நமக்கு ஒரு ஊர் மாதிரி, "ஃபாரின் போறேன்"னு சொல்லிச் சொல்லியே பழகிட்டோம். இங்கிலீஷ்ல அது இன்னொரு சொல்லுக்கு முன்னாடி வர்றது, தனியா நிக்காது. "மூவிங் அப்ராட்"னு எழுதுங்க, அப்ராடுக்கு முன்னாடி "டு" வராது. நாட்டுப் பேரைச் சொன்னா "மூவிங் டு கனடா", அங்க "டு" வேணும். இந்த ஒரு "டு"வுக்கு எனக்கு அரை மார்க் போச்சு.

"ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2021"னு எழுதறது நாம தமிழ்ல "2021ல இருந்து வேலை பாக்கறேன்"னு சொல்ற பழக்கத்துல வர்றது, அங்க "ஹேவ் பீன் வொர்க்கிங்" வரணும்.

டூ த நீட்ஃபுல், தேங்கிங் யூ ரெண்டையும் நம்ம ஊர் ஆபீஸ்ல யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க, எங்க மேனேஜரே தினமும் எழுதுவாரு. ஆனா வெளிநாட்டு ஆபீஸ்ல படிக்கறவங்களுக்கு பழங்காலத்து வாசனை அடிக்கும், கிளாஸ்லயும் மார்க் போகும். பேர் தெரியாம "டியர் சார்"னு ஆரம்பிச்சா முடிவு யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, பேர் போட்டு ஆரம்பிச்சா யுவர்ஸ் சின்சியர்லி. நம்ம பேர்ல ஒரு சிக்கல் இருக்கு, மிஸ்டருக்கு அப்புறம் குடும்பப் பேர் போடணும்னு புக்ல இருக்கும், நமக்கு ஏது குடும்பப் பேர்? கே. சுந்தரம்னா மிஸ்டர் சுந்தரம், அவ்வளவுதான். இனிஷியலை விரிச்சு அவங்க அப்பா பேரைப் போட்டு மிஸ்டர் கந்தசாமின்னு எழுதினா அது அவங்க அப்பாவுக்கு எழுதின லெட்டர் ஆயிரும்.

6. குடுக்கற விதம்

முதல்ல மேனேஜர்கிட்ட வாயில சொல்லிடுங்க, லெட்டரைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியணும்னு வெக்காதீங்க, அப்புறம் ஒரு மாசம் மூஞ்சியைப் பார்க்கணும். சொன்ன அன்னைக்கே ரெண்டு காப்பி பிரின்ட் எடுத்து ஒண்ணைக் குடுத்து, இன்னொண்ணுல தேதியோட கையெழுத்தும் சீலும் வாங்கிக்கங்க. கூடவே மெயில்லயும் அனுப்புங்க, மேனேஜருக்கும் எச்ஆருக்கும், காப்பில உங்க சொந்த மெயில் ஐடி. கடைசி நாள் மத்தியானமே ஆபீஸ் மெயிலை லாக் பண்ணிருவாங்க, அதுக்கப்புறம் ஆதாரம் எல்லாம் உள்ளயே மாட்டிக்கும். நான் பேப்பர் மட்டும் குடுத்தேன், கையெழுத்து வாங்கல, அதனால ஜூன் 3னு வாதாடக்கூட கையில ஒண்ணும் இல்ல.

மூணு நாள்ல பதில் வரலைன்னா அதே மெயில்ல ரெண்டு வரி ஞாபகப்படுத்துங்க. மாச சம்பளம் பேங்க்ல ஏறின அடுத்த நாள் லெட்டர் குடுக்கறது நல்லதுன்னு பெரியவங்க சொல்வாங்க, நானும் அதையே சொல்றேன். நிறைய கம்பெனில நோட்டீஸ் மாச சம்பளத்தை நிறுத்தி வெச்சு ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்ல சேர்த்துத்தான் தருவாங்க. அந்த மாசம் வீட்டுச் செலவுக்கு வேற வழி பார்த்து வெச்சுக்கங்க. எனக்கு மொத்தமும் வந்து சேர ஏழு வாரம் ஆச்சு, அப்ப நான் கனடாவுல இருந்தேன்.

7. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கனடா போறவங்க இதை விடாதீங்க

ரிலீவிங் லெட்டர் வேற, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேற. நம்ம எச்ஆர் பழக்கமா தர்றது "இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரை வேலை பார்த்தார், நடத்தை நன்று". பின்னாடி கனடாவுல நிரந்தரமா தங்கற பிஆருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரிங்கற வழில போடும்போது இது பத்தாது. லெட்டர் ஹெட்ல, கையெழுத்து போட்டவர் பேர் பதவியோட, கம்பெனி அட்ரஸ் போன் மெயிலோட இருக்கணும். உங்க பதவி, வேலை பார்த்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷச் சம்பளம், அதைவிட முக்கியமா நீங்க செஞ்ச வேலைங்க ஒவ்வொண்ணும்.

இந்தக் கடைசி விஷயத்துலதான் கிளார்க்குங்களுக்கு ஆப்பு இருக்கு. கனடா வேலைக்கெல்லாம் அஞ்சு இலக்க நம்பர் குடுத்திருக்காங்க, அதுல ரெண்டாவது இலக்கம்தான் அந்த வேலையோட படி. அக்கவுண்ட்ஸ் கிளார்க் 14200, அதாவது நாலாவது படி. புக்கீப்பர் 12200, ரெண்டாவது படி. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு மூணாவது படி வரைக்கும்தான் எடுத்துக்குவாங்க, நாலாவது படி அனுபவம் அதுல சேராது. அவங்க பதவிப் பேரை மட்டும் பார்க்கறதில்ல, செஞ்ச வேலையைப் பார்க்கறாங்க. நம்ம ஊர்ல கிளார்க்னு பேர் வெச்சு லெட்ஜர் முழுசும் பார்க்க வெச்சு, ட்ரையல் பேலன்ஸ் எடுக்க வெச்சு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரைக்கும் தலைல கட்டியிருப்பாங்க. நிஜமா செஞ்சிருந்தா அதெல்லாம் லெட்டர்ல எழுத்தா வரணும். செய்யாததை எழுதி வாங்காதீங்க, பொய்னு கண்டுபிடிச்சா அஞ்சு வருஷம் கனடாவுக்கு அப்ளை பண்ணவே முடியாது.

வேலைப் பட்டியலை நீங்களே ஒரு பக்கம் டைப் பண்ணி எச்ஆர்கிட்ட குடுங்க, அவங்களுக்கு வேலை மிச்சம், உங்களுக்கு சரியா வரும். இதைக் கடைசி நாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே செய்யணும். ரிசிக்னேஷன் லெட்டர்ல இதைப் பத்தி எழுதாதீங்க, தனி மெயில் போடுங்க.

8. பிஎஃப், சிம் கார்டு

கம்பெனி உங்க பிஎஃப் கணக்குல வேலையை விட்ட தேதியைப் போடணும். அது ரிலீவிங் லெட்டர்ல இருக்கற தேதியோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. அவங்க போடாம இழுத்தா, கடைசியா காசு கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே மெம்பர் போர்ட்டல்ல `Manage` உள்ள `Mark Exit` போய் போட்டுக்கலாம். அதுக்கு ஓடிபி வரும், ஆதார்ல இருக்கற மொபைல் நம்பருக்குத்தான் வரும்.

இங்கதான் நிறைய பேர் கவுந்துடறாங்க. ஏர்போர்ட்ல புது சிம்மை மாட்டிட்டு நம்ம ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு, ரீசார்ஜ் பண்ணாம நம்பர் வேற யாருக்கோ போயிருக்கும். பேங்க், பிஎஃப், இன்கம் டாக்ஸ் எல்லாமே அந்த நம்பர்ல தொங்குது. கிளம்பறதுக்கு முன்னாடி ரோமிங் ஆன் பண்ணி, சின்ன ரீசார்ஜ் போட்டு உயிரோட வெச்சிருங்க. நான் அதை எங்க அம்மா போன்ல ரெண்டாவது சிம்மா போட்டுட்டு வந்தேன். இப்ப ராத்திரி ஒரு மணிக்கு கோயம்புத்தூருக்கு வாட்ஸ்அப் கால் போட்டு, "அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சீக்கிரம் படி"ன்னு கேட்டா, அவங்களுக்கு காலைல பத்தரை மணி, கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஓடிபி முடிஞ்சு போகுது.